230 ரூபாய்க்கு வாங்கிய பங்கு: டிவிடெண்ட் 265 சதவீதமா, 11.5 சதவீதமா, 6.8 சதவீதமா?

நெல்லை_முத்து | 25 செப்டம்பர் 2025, காலை 9.10

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பா ஓய்வூதியர். 2023 ஜூன் மாதம் கோல் இந்தியா பங்கு 200 வாங்கினார். விலை 230 ரூபாய், ஆக மொத்தம் 46,000. தரகுக் கட்டணத்தை இங்கே விட்டுவிடுகிறேன்.

அவர் ஒரு நோட்டில் வரவு வைத்துக்கொண்டே வருகிறார். 2024-25 நிதியாண்டுக்கு நிறுவனம் அறிவித்தது 15.75, 5.60, 5.15 என மூன்று தவணை. கூட்டினால் பங்குக்கு 26.50 ரூபாய். இதுவரை குழப்பமில்லை.

குழப்பம் சதவீதத்தில்தான். செய்தித்தாளில் 265 சதவீத டிவிடெண்ட் என்று போட்டிருக்கிறார்கள். அப்பா 26.50-ஐ 230-ஆல் வகுத்து 11.5 சதவீதம் என்கிறார். என் கைப்பேசிச் செயலி 6.8 சதவீதம் காட்டுகிறது. எது சரி? இந்தக் கேள்வி வீட்டில் சண்டையாகிவிட்டது. பங்கு 390-ஐ ஒட்டி நிற்கும்போதே விற்றுவிட்டு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம், 8.2 சதவீதம் கிடைக்கும் என்று தம்பி சொல்கிறான். "11.5-ஐ விட்டுவிட்டு 8.2-க்குப் போவதற்கு நான் என்ன முட்டாளா?" என்று அப்பா கேட்கிறார்.

---

வேங்கடாசலம்_திருச்சி | காலை 9.48

தம்பி, 265 சதவீதம் கிடைத்தும் கேள்வி கேட்கிறீர்களே! 46,000 ரூபாய்க்கு 265 சதவீதம் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல் வந்திருக்க வேண்டும். அப்பாவின் வங்கிக் கணக்கு எண் டீமேட்டில் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் மைத்துனருக்குக் கணக்கு எண் மாறிக் கிடந்ததால் இரண்டு ஆண்டு டிவிடெண்ட் வராமலே நின்றது.

---

சாந்தி_கணக்கர் | காலை 10.25

வேங்கடாசலம் ஐயா, கணக்கு எண்ணைச் சரிபார்க்கச் சொன்னது நல்ல யோசனை. ஏழு ஆண்டு கேட்காமல் கிடக்கும் டிவிடெண்ட் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். ஆனால் முத்துவின் அப்பாவுக்குப் பணம் குறையாமல் வந்திருக்கிறது. 265 சதவீதம் என்பது பங்கின் முகமதிப்பின் மேல், அதாவது நிறுவனம் பங்குக்குக் குறித்த அடிப்படை விலையின் மேல், போட்ட கணக்கு. கோல் இந்தியாவின் முகமதிப்பு 10 ரூபாய். அந்தப் பத்துக்கு 26.50 என்றால் 265 சதவீதம். அப்பா கொடுத்தது 230 என்பதால் அந்த எண்ணுக்கும் அவர் லாபத்துக்கும் தொடர்பே இல்லை.

முகமதிப்பு 1 ரூபாய் உள்ள நிறுவனம் இதே 26.50-ஐக் கொடுத்திருந்தால் செய்தியில் 2,650 சதவீதம் என்று வந்திருக்கும். கைக்கு வரும் காசு அதேதான். நான் தணிக்கை அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டு இருந்தேன். இந்தத் தலைப்புச் செய்தியைப் பார்த்துப் பங்கு வாங்கி வந்தவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டிவிடெண்டை எப்போதும் பங்குக்கு எத்தனை ரூபாய் என்றே படியுங்கள்.

11.5, 6.8 இரண்டுமே சரியான வகுத்தல்தான். 26.50-ஐ 230-ஆல் வகுத்தால் 11.52. இன்றைய 390-ஆல் வகுத்தால் 6.79. அப்பா போட்ட பணத்துக்கு இப்போது ஆண்டுக்கு என்ன வருகிறது என்பதை முதலாவது சொல்கிறது. இன்று ஒருவர் இந்தப் பங்கை வாங்கினால் அவருக்கு என்ன வரும் என்பதை இரண்டாவது சொல்கிறது.

---

பங்கு_மாறன் | காலை 10.52

அப்பா சொல்வதுதான் சரி. நாம் கொடுத்த விலைதான் நமக்குக் கணக்கு. இன்றைய விலை விற்பவனுக்கும் புதிதாக வாங்குபவனுக்கும்தான் தேவை. 11.5 சதவீதம் என்றால் ஒன்பது ஆண்டுக்குள் போட்ட முதல் முழுவதும் திரும்பிவிடும், அதன் பிறகு பங்கு இலவசம். நான் பதினைந்து ஆண்டாக இப்படித்தான் கணக்கு வைக்கிறேன். விற்கவே கூடாது.

---

மீனா_கோவை | காலை 11.30

என் கதையையும் கேளுங்கள். 2024 ஆகஸ்ட் மாதக் கடைசியில் இதே பங்கை 530 ரூபாய்க்கு 50 வாங்கினேன். அப்போது எல்லோரும் இதைப் பற்றியே பேசினார்கள். எனக்கும் அதே 15.75, 5.60, 5.15 வந்தது. 26.50-ஐ 530-ஆல் வகுத்தால் சரியாக 5 சதவீதம். முத்துவின் அப்பாவுக்கு 11.5, எனக்கு 5. ஒரே நிறுவனம், ஒரே டிவிடெண்ட்.

5 சதவீதம் வந்ததே என்று ஆறுதல் கொள்ளவும் முடியவில்லை. 26,500 போட்டேன். 2024-25-க்கான டிவிடெண்டாக 1,325 வந்தது. பங்கின் மதிப்பு இப்போது 19,500. இரண்டையும் கூட்டினாலும் 20,825-தான். பதிமூன்று மாதத்தில் 5,675 ரூபாய் குறைவு, அதாவது 21 சதவீதத்துக்கு மேல். நான் 30 சதவீத வரி அடுக்கில் இருப்பதால் அந்த 1,325-லும் செஸ் சேர்த்து 413 ரூபாய் வரியாகப் போகும். வரி போக டிவிடெண்ட் 3.4 சதவீதம்தான். என் ஐந்து சதவீதத்தை "வருமானம்" என்று நான் எப்படிச் சொல்வது?

---

சாந்தி_கணக்கர் | பகல் 12.15

மீனா, நீங்கள் போட்டதுதான் உண்மையான கணக்கு. டிவிடெண்ட் விகிதம் ஒரு துண்டு மட்டுமே. விலை ஏறியதோ இறங்கியதோ இன்னொரு துண்டு. வந்த பணம் எந்த நாளில் வந்தது என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பயனுறு வருவாய் என்னவென்று தெரியும்.

முத்து, உங்கள் அப்பாவின் கணக்கை விரிதாளில் போட்டுப் பார்த்தேன். அவர் 2023 ஜூனில் வாங்கியதால் 2022-23-க்கான இறுதி டிவிடெண்ட் 4 ரூபாயும் அவருக்கு வந்திருக்கும். பிறகு 15.25, 5.25, 5.00. அதன் பிறகு நீங்கள் எழுதிய மூன்று தவணை. 2025-26-க்கான இடைக்கால டிவிடெண்டைச் சேர்க்காமல் மொத்தம் பங்குக்கு 56 ரூபாய், 200 பங்குக்கு 11,200. தேதிகளைத் தோராயமாக வைத்திருக்கிறேன். அப்பாவின் வங்கிப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஓரிரு வாரம் முன்பின் ஆனாலும் விடை பெரிதாக அசையாது.

```
      A            B
1  05-06-2023   -46000
2  15-09-2023      800
3  01-12-2023     3050
4  05-03-2024     1050
5  15-09-2024     1000
6  20-11-2024     3150
7  20-02-2025     1120
8  15-09-2025     1030
9  25-09-2025    78000

=XIRR(B1:B9, A1:A9)
```

XIRR என்பது பணம் போன, வந்த தேதிகளையும் சேர்த்து ஆண்டு வருவாயைக் கணக்கிடும் சூத்திரம். கடைசி வரி, இன்று விற்றால் வரக்கூடிய தொகை. முதல் வரியில் கழித்தல் குறி இல்லையென்றால் சூத்திரம் பிழை காட்டும். விடை ஆண்டுக்கு ஏறத்தாழ 37 சதவீதம் வரும். டிவிடெண்டே வராமல் விலை மட்டும் 230-இலிருந்து 390 ஆகியிருந்தால் ஆண்டுக்கு 26 சதவீதம். ஆகவே டிவிடெண்ட் சேர்த்துக் கொடுத்தது சுமார் 11 சதவீதம். மீதி முழுவதும் விலை ஏற்றம்.

---

நெல்லை_முத்து | பகல் 12.50

மிக்க நன்றி அக்கா. அப்பாவின் புத்தகத்தைப் பார்த்தேன். தேதிகள் கிட்டத்தட்ட நீங்கள் போட்டவைதான். ஆனால் 2024-25 நிதியாண்டில் வந்த தவணைகளில் வரி பிடித்திருக்கிறார்கள். அதனால் அவர் நோட்டில் எழுதிய தொகைக்கும் புத்தகத்தில் இருப்பதற்கும் வித்தியாசம் வருகிறது. அவருக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை.

---

சாந்தி_கணக்கர் | பகல் 1.20

அந்த நிதியாண்டில் ஒரே நிறுவனத்திடமிருந்து 5,000 ரூபாய்க்கு மேல் டிவிடெண்ட் வந்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு 1,000, 3,150, 1,120 சேர்ந்து 5,270 ஆகிவிட்டது. 270 ரூபாயால் எல்லையைத் தாண்டிவிட்டார். 2025 ஏப்ரல் முதல் அந்த எல்லை 10,000. 200 பங்கு மட்டும் வைத்திருக்கும்வரை இனி பிடிக்கமாட்டார்கள். கூடுதலாக வாங்கினால் வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் 15எச் படிவத்தை நிதியாண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

பிடித்த தொகை தொலைந்துபோன பணமில்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்ப வரும். அதனால் விரிதாளில் பிடித்தத்துக்கு முந்தைய தொகையையே வைக்கலாம். மீனாவுக்கு அப்படி இல்லை. அவர் தன் அடுக்குப்படி வரி கட்டியே ஆகவேண்டும். அவர் விரிதாளில் வரி போக மிஞ்சியதை எழுதினால்தான் உண்மை தெரியும்.

---

பங்கு_மாறன் | பகல் 1.45

37 சதவீதம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிறகு எதற்காக விற்பது? என் வாதம்தானே நிரூபணமாகியிருக்கிறது?

---

சாந்தி_கணக்கர் | பகல் 2.30

இல்லை மாறன், அந்த 37 கடந்தகாலக் கணக்கு. இன்று வைத்திருப்பதா விற்பதா என்ற கேள்விக்கு 37-உம் உதவாது, 11.5-உம் உதவாது. காரணத்தைச் சொல்கிறேன்.

இன்று முத்துவின் அப்பாவிடம் இருப்பது 46,000 இல்லை. 78,000. விற்றால் அந்த 78,000 அப்படியே கைக்கு வரும். லாபம் 32,000. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்ததால் அது நீண்டகால லாபம். இந்த ஆண்டில் வேறு பங்கு லாபம் இல்லையென்றால் 1.25 லட்சம் வரை வரி இல்லை. அந்த 78,000 பங்கிலேயே இருந்தால், டிவிடெண்ட் மாறாமல் வந்தால், ஆண்டுக்கு 5,300 ரூபாய். மூத்த குடிமக்கள் திட்டத்தில் 8.2 சதவீதத்துக்குப் போட்டால் 6,396 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். கையில் வரும் வருமானத்தை மட்டும் பார்த்தால் தம்பி சொல்வதில் ஆண்டுக்கு 1,096 ரூபாய் அதிகம்.

ஆகவே அப்பா ஒப்பிட வேண்டியது 6.8-ஐயும் 8.2-ஐயும். 11.5-ஐ 8.2-உடன் ஒப்பிடுவது 46,000 ரூபாயின் வருமானத்தை 78,000 ரூபாயின் வருமானத்தோடு ஒப்பிடுவதாகும். இருபது ஆண்டுக்கு முன் இரண்டு லட்சத்துக்கு வாங்கிய வீட்டில் இன்று மாதம் பத்தாயிரம் வாடகை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட பணத்துக்கு 60 சதவீதம். ஆனால் அந்த வீடு இன்று ஐம்பது லட்சம் போகுமென்றால், அந்த ஐம்பது லட்சத்துக்கு வருவது 2.4 சதவீதம்தான்.

விற்கச் சொல்லி நான் எழுதவில்லை. திட்டத்தில் வட்டி ஐந்து ஆண்டுக்கு ஏறாது, இறங்காது, முதலும் வளராது. பங்கில் டிவிடெண்டும் விலையும் இரண்டு பக்கமும் போகும். எந்த எண்ணை வைத்து யோசிப்பது என்பதை மட்டும்தான் சொன்னேன்.

---

சேலம்_குமரன் | மாலை 4.05

"இரண்டு பக்கமும் போகும்" என்பதை வாழ்ந்து பார்த்தவன் நான்.

2010 பொதுப் பங்கு வெளியீட்டில் கோல் இந்தியாவுக்கு விண்ணப்பித்தேன். வெளியீட்டு விலை 245. சில்லறை முதலீட்டாளருக்கு 5 சதவீதத் தள்ளுபடி போக 232.75. ஏறத்தாழ முத்துவின் அப்பா கொடுத்த அதே விலை. முதல் ஆண்டுகளில் டிவிடெண்ட் 3.90, 10, 14. பிறகு 2014 ஜனவரியில் ஒரே தவணையில் 29 ரூபாய் கொடுத்தார்கள். அன்று என் நோட்டில் "12.5 சதவீதம்" என்று அடிக்கோடிட்டு எழுதினேன். இனி வாழ்நாள் முழுவதும் இப்படித்தான் வரும் என்று நினைத்தேன்.

அடுத்த ஆண்டு 20.70. அதற்கடுத்த ஆண்டு 27.40. பிறகு 19.90, 16.50, 13.10 என்று இறங்கி 2019-20-இல் 12 ரூபாய். போட்ட பணத்துக்கு 5 சதவீதம். 2020 அக்டோபரில் பங்கு விலை 115-ஐ ஒட்டிக் கிடந்தது. பத்து ஆண்டில் வந்த டிவிடெண்ட் மொத்தம் 166.50 ரூபாய். அப்போதெல்லாம் எங்கள் கையில் வரி இல்லை, நிறுவனமே கட்டிவிடும். 166.50-உம் 115-உம் சேர்த்தால் 281.50. சாந்தி அம்மா போட்டிருக்கும் அதே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு மூன்று சதவீதம்கூட வரவில்லை. அஞ்சலக சேமிப்புக் கணக்கே 4 சதவீதம் கொடுத்தது.

மாறன் நண்பரே, நீங்கள் சொன்னபடி பார்த்தால் பத்து ஆண்டில் என் முதலில் எழுபது சதவீதம் "திரும்பி வந்துவிட்டது". ஆனால் திரும்பி வந்த அதே நேரத்தில் உள்ளே இருந்த முதல் பாதியாகிவிட்டது.

---

பங்கு_மாறன் | மாலை 4.40

குமரன் ஐயா, நீங்கள் 2020-இல் விற்றீர்களா? விற்காமல் வைத்திருந்தால் இன்று 390 ஆயிற்றே.

---

சேலம்_குமரன் | மாலை 5.10

பாதியை 2020 நவம்பரில் மகள் திருமணத்துக்காக விற்றேன். மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. நீங்கள் சொல்வது உண்மைதான், அந்தப் பாதி பிழைத்துக்கொண்டது. ஆனால் பணம் எப்போது தேவைப்படும் என்பது நம் கையில் இல்லை. எழுபது வயதுக்காரருக்கு அது இன்னும் முக்கியம்.

---

மீனா_கோவை | மாலை 5.35

ஒன்று கவனித்தீர்களா? 2020 அக்டோபரில் 12 ரூபாயை 115-ஆல் வகுத்தால் 10.4 சதவீதம். செயலியில் அப்போது அதுதான் காட்டியிருக்கும். நான் வாங்கியபோது 5 சதவீதத்தைச் சுற்றித்தான் காட்டியது. அப்படியானால் செயலியில் அதிகச் சதவீதம் காட்டும் பங்கை வாங்கினால் போதுமா?

---

சாந்தி_கணக்கர் | இரவு 7.20

அங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள், மீனா. செயலி காட்டுவது கடந்த பன்னிரண்டு மாதத்தில் கொடுத்ததை இன்றைய விலையால் வகுத்த எண். அடுத்த பன்னிரண்டு மாதத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. விலை விழுந்ததால் சதவீதம் ஏறியிருக்கலாம். ஒருமுறை மட்டும் கொடுத்த பெரிய தொகை உள்ளே கலந்திருக்கலாம்.

வேதாந்தாவைப் பாருங்கள். 2022-23-இல் ஐந்து தவணையாக 31.50, 19.50, 17.50, 12.50, 20.50 கொடுத்தார்கள். மொத்தம் 101.50. ஆண்டு முடியும்போது பங்கு விலை 300-க்கும் கீழே. செயலிகளில் 30 சதவீதத்துக்கு மேல் காட்டியது. அதை நம்பி வாங்கியவர்களுக்கு அடுத்த நிதியாண்டில் கிடைத்தது 18.50, 11 என மொத்தம் 29.50.

அதனால் நான் சதவீதத்துக்கு முன் ஒரு கேள்வியைக் கேட்பேன். அந்த ஆண்டு நிறுவனம் பங்குக்கு எவ்வளவு சம்பாதித்தது? குமரன் ஐயா அடிக்கோடிட்ட 29 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு கோல் இந்தியாவின் பங்குக்கான லாபம் சுமார் 24 ரூபாய்தான். சம்பாதித்ததைவிட அதிகம் கொடுத்தார்கள், கையிருப்பிலிருந்து. அது நீடிக்காது என்பதை அன்றே கண்டிருக்கலாம். 2019-20-இல் 27 ரூபாய் சம்பாதித்து 12 கொடுத்தார்கள். 2024-25-இல் 57 ரூபாயை ஒட்டிச் சம்பாதித்து 26.50. பாதிக்கும் குறைவு. இன்றைய 26.50, அன்றைய 29-ஐவிட உறுதியான தரையில் நிற்கிறது.

உறுதி என்றால் நிலக்கரி விலையும் விற்பனையும் இப்படியே இருக்கும்வரை. லாபம் பாதியானால் டிவிடெண்டும் ஏறத்தாழ அப்படியே சுருங்கும். பெரும்பான்மைப் பங்கு அரசிடம் இருப்பதால் அரசுக்கும் இந்த டிவிடெண்ட் தேவை, ஒரேயடியாக நிறுத்திவிட மாட்டார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் 29-இலிருந்து 12-க்கு இறங்கியதும் அதே அரசின் கையில்தான்.

---

வேங்கடாசலம்_திருச்சி | இரவு 8.05

சாந்தி அம்மா, 265 என்று படித்து நான் காலையில் தவறாகப் புரிந்துகொண்டேன், விளக்கியதற்கு நன்றி. இப்போது இன்னொரு சந்தேகம். வந்த டிவிடெண்டை வைத்து அதே பங்கை வாங்கிக்கொண்டே போனால் அந்தச் சூத்திரம் பொருந்துமா? நான் அப்படித்தான் செய்கிறேன்.

---

சாந்தி_கணக்கர் | இரவு 8.30

பொருந்தும் ஐயா. டிவிடெண்ட் வந்த நாளில் கூட்டல், அதில் பங்கு வாங்கிய நாளில் கழித்தல் என்று இரண்டையும் எழுதுங்கள். கடைசி வரியில் இப்போது உங்களிடம் உள்ள எல்லாப் பங்குகளின் மதிப்பையும் வையுங்கள். டிவிடெண்டை எழுதிவிட்டு வாங்கியதை விட்டுவிட்டால் விடை பொய்யாக ஊதிக் காட்டும்.

---

பங்கு_மாறன் | இரவு 9.00

விற்பதற்கு முன் இன்றைய விலையைத்தான் பார்க்கவேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வாங்கிய விலையை மறந்துவிடச் சொல்வதை ஏற்கமுடியாது. 230-க்கு வாங்கியவருக்குப் பங்கு 300-க்கு விழுந்தாலும் தூக்கம் போகாது. மீனாவுக்குப் போகும். வைத்திருக்கும் தெம்பு வாங்கிய விலையில் இருக்கிறது. அதை எந்த விரிதாளும் காட்டாது.

---

சேலம்_குமரன் | இரவு 9.25

232.75-க்கு வாங்கிய எனக்கு 115-இல் தூக்கம் போனது. 390 பார்த்தவருக்கு 300 வந்தாலே 18,000 ரூபாய் போனதுபோலத்தான் இருக்கும், அவர் எந்த விலைக்கு வாங்கியிருந்தாலும். இதில் உங்களோடு ஒத்துப்போகமுடியவில்லை.

---

நெல்லை_முத்து | 26 செப்டம்பர், காலை 8.40

நேற்றிரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக்காட்டினேன். 46,000-ஐயும் 78,000-ஐயும் ஒப்பிட்ட இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு நோட்டை எடுத்து 11.5-க்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு 6.8 என்று எழுதினார். குமரன் ஐயாவின் பத்து ஆண்டு டிவிடெண்ட் வரிசையையும் கீழே வரிசையாக எழுதிக்கொண்டார்.

100 பங்கை விற்றுத் திட்டத்தில் போடலாம், 100 இருக்கட்டும் என்கிறார். தம்பி முழுவதையும் விற்கச் சொல்கிறான். நவம்பரில் இடைக்கால டிவிடெண்ட் வந்த பிறகு விற்கலாமா, இப்போதே விற்கலாமா என்பது அடுத்த வாக்குவாதம்.

---

சாந்தி_கணக்கர் | காலை 9.15

அந்த வாக்குவாதத்தில் பெரிய பணம் இல்லை என்று இருவரிடமும் சொல்லுங்கள். 15 ரூபாய் டிவிடெண்டுக்கான உரிமை பங்கிலிருந்து நீங்கும் நாளில் பங்கு விலையும் ஏறத்தாழ அந்த அளவு குறைந்துதான் தொடங்கும். அன்றைய சந்தையின் ஏற்ற இறக்கத்தில் அது கூடவோ குறையவோ தெரியலாம். காத்திருப்பதால் இலவசமாக ஒரு தவணை கிடைத்துவிடாது.

திட்டத்தில் கணக்கு தொடங்கும் காலாண்டில் என்ன வட்டியோ அதுவே ஐந்து ஆண்டுக்கும் நிலைக்கும். வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை அரசு அறிவிக்கிறது. அடுத்த அறிவிப்பு இந்த மாதக் கடைசியில். முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.